டூவீலர் விபத்து: கண்ணில் படும் காலும் கண்ணில் படாத ரத்தமும் – காஷுவாலிட்டிக்குப் புதியவர்களுக்கு

சென்னையில் ஹவுஸ் சர்ஜனாக காஷுவாலிட்டி டூட்டிக்கு வந்தவர்களும், 108 வண்டியில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடும் கேஸ் டூவீலர் விபத்துதான். அதில் எல்லோர் கண்ணும் ஓடுவது உடைந்து தொங்கும் காலுக்கு. அந்தக் கால் ஆளைக் கொல்வது அபூர்வம். கொல்வது பெரும்பாலும் மண்டைக்குள்ளோ, நெஞ்சிலோ, வயிற்றிலோ, இடுப்பிலோ இருக்கும். ஆனால் காலைப் பிறகு பார்க்கலாம் என்று முழுவதுமாக மறந்துவிட்டால், உயிர் பிழைத்தவர் காலை இழப்பார். இந்த இரண்டுக்கும் நடுவே வரிசை எப்படிப் போட வேண்டும் என்பதை ஒரே கேஸை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

கேஸ்

இரவு ஏழரை மணி, குரோம்பேட்டை அருகே ஜி.எஸ்.டி. சாலை. இடப்பக்கத் தெருவிலிருந்து வெளியே வந்த கார், நேரே போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டரின் இடப்பக்கத்தில் மோதியது. ஓட்டியவர் 26 வயது இளைஞர், ஹெல்மெட் அணிந்திருந்தார். பின்னால் அவருடைய தாய், 52 வயது, சுமார் 50 கிலோ எடை. சேலை கட்டி, இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் இல்லை.

இருவரும் ஒரே ஆம்புலன்ஸில் வருகிறார்கள். மகனின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது, ரத்தம் வழிகிறது, வலியில் கத்துகிறார். தாய் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். “தண்ணி குடுங்கப்பா” என்று மட்டும் இரண்டு முறை சொல்கிறார். “சார், பையனுக்குக் கால் மோசமா இருக்கு, அம்மாவுக்கு தொடையில மட்டும்தான் வலியாம்” என்கிறார் டெக்னீஷியன்.

வண்டியை வைத்து உடம்பைப் படிப்பது

நோயாளியை ஸ்ட்ரெச்சரில் மாற்றும் அரை நிமிடத்திலேயே அழைத்துவந்தவரிடம் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். ஸ்கூட்டரா, பைக்கா? எந்தப் பக்கம் அடி? பின்னால் இருந்தவர் எப்படி உட்கார்ந்திருந்தார்? ஹெல்மெட் இருந்ததா, கழன்று விழுந்ததா? பதிலைக் கேட்டால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் கார் மோதும்போது பம்பரின் உயரம் சரியாகக் கெண்டைக்கால் மட்டத்தில் இருக்கும். அதனால் முதலில் உடைவது டிபியா. அதன் முன்பக்கத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே கிடையாது. சின்ன அடிக்குக்கூட அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கும், திறந்த முறிவுகளில் டிபியா முன்னால் நிற்பதற்கும் காரணம் இதுதான்.

நேருக்கு நேர் மோதினால் கதை வேறு. வண்டி நின்றுவிடும், ஓட்டியவரின் உடம்பு முன்னால் பாயும். பைக் என்றால் இரண்டு தொடைக்கும் நடுவே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அதில் இடுப்பு மோதும்போது முன்பக்க இணைப்பு பிளந்து இடுப்பெலும்பு விரியலாம், சிறுநீர்க்குழாயும் கிழியலாம். தொடைகள் ஹேண்டில்பாரில் சிக்கினால் இரண்டு தொடை எலும்பும் உடையும். ஸ்கூட்டரில் டேங்க் அங்கே இல்லை. முழங்கால்கள் முன்பக்கத் தகட்டில் முட்டும். முட்டிச்சில்லு உடைவது, இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவுவது இரண்டையும் அங்கே தேடுங்கள். கால் குட்டையாகி, முழங்கால் உட்பக்கம் திரும்பி மடங்கிக் கிடந்தால் அது மூட்டு நழுவியதன் அடையாளம். ஆறு மணி நேரத்துக்குள் அதை ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, பின்னாளில் அந்த எலும்பே செத்துப்போகலாம்.

தோள்பட்டையில் விழுந்தவருக்குக் காறை எலும்பு, கையை ஊன்றியவருக்கு மணிக்கட்டு. இவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் தோளும் தலையும் எதிரெதிராக இழுபட விழுந்தவருக்குக் கழுத்தடி நரம்புக்கற்றை அறுந்திருக்கலாம். கையை அசைக்கச் சொல்லாமல் காறை எலும்புக்கு மட்டும் கட்டுப் போட்டு அனுப்பினால் அது தெரியாமலே போய்விடும்.

நம் கேஸுக்கு வருவோம். அடி இடப்பக்கம். தாயின் இரண்டு காலும் இடுப்பும் காரின் முன்பக்கத்துக்கு நேரே இருந்தன. பிறகு பிடிமானம் இல்லாமல் அவர் தூக்கி எறியப்பட்டிருப்பார், தலையில் ஹெல்மெட்டும் இல்லை. அவருக்குக் காயம் குறைவு என்று நினைக்க ஒரு காரணமும் கிடையாது.

முதல் இரண்டு நிமிடம்

இருவர் வந்தால் முதலில் தொட வேண்டியது கத்துபவரையா, அமைதியாக இருப்பவரையா? கத்துபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்பதை அவர் கத்தலே சொல்லிவிடுகிறது. ஆகவே அமைதியானவரிடம் போக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: கண்ணுக்குத் தெரிந்து ஓடும் ரத்தம். மகனின் காயத்தில் காஸ் பேடை வைத்து, கையால் அழுத்திப் பிடிக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். பத்து விநாடி வேலை. இடையிடையே பேடைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்த ரத்தம் பெயர்ந்து வரும்.

சாலையோரத்தில் யாராவது துப்பட்டாவையோ கயிறையோ இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தால் கவனமாகப் பாருங்கள். அரைகுறையாக இறுக்கிய கட்டு சிரையை மட்டும் அடைக்கும், தமனியை அடைக்காது. அதனால் ரத்தப்போக்கு கூடும். அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அகலமான முறையான டூர்னிகேவைக் காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் போட்டு, போட்ட நேரத்தைத் தோலிலேயே பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காலுக்கே ஆபத்து.

இப்போது தாய். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க வேண்டும். பேசுகிறார், ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல். மூச்சு நிமிடத்துக்கு 28. இரு பக்க நெஞ்சும் சமமாக விரிகிறது. கை சில்லென்றிருக்கிறது. பல்ஸ் 124, பி.பி. 104/84.

இந்த பி.பி.யைப் பார்த்து “நூறுக்கு மேல் இருக்கிறது, பரவாயில்லை” என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே 20 தான் இருக்கிறது. ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கீழ் எண்ணை மேலே தூக்கிப் பிடித்திருக்கின்றன. பல்ஸை மேல் பி.பி.யால் வகுத்துப் பாருங்கள்: 124 ÷ 104, சுமார் 1.2. சாதாரணமாக இது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 0.9-ஐத் தாண்டினாலே ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தண்ணீர் கேட்டதும் அதனால்தான். நம்மூர் வழக்கப்படி சம்பவ இடத்திலேயே யாரும் சோடா கொடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

ரத்தம் எங்கே போகும்? பெரியவர்களுக்கு அதற்கு ஐந்து இடம்தான்: தரை, நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை. எடைக்குக் கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால் 50 கிலோ உடம்பில் மொத்த ரத்தம் 3,500 மில்லி. அதில் 30 சதவீதம் போனால் பி.பி. விழ ஆரம்பிக்கும். அது 1,050 மில்லி. தோல் கிழியாத ஒரு தொடை எலும்பு முறிவே 1,000 முதல் 1,500 மில்லி வரை உள்ளே குடிக்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, தொடை கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். “தொடையில மட்டும்தான் வலி” என்பது சின்னச் செய்தி இல்லை. கூடவே இடுப்பெலும்பும் உடைந்திருந்தால் கணக்கு இரண்டு லிட்டரைத் தாண்டும்.

தமிழக அரசு மருத்துவமனைகளின் டி.ஏ.இ.ஐ. வார்டுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். தாய் சந்தேகமே இல்லாமல் சிவப்பு. மகனை எதில் போடுவது என்பது அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் தெரியும். அதைப் பிறகு பார்ப்போம்.

தாய்: இடுப்பைக் கட்டுவது

இடுப்பை இரு கையாலும் பிடித்து அமுக்கியும் விரித்தும் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். உறைந்த ரத்தம் பெயரும், கிடைக்கும் தகவலும் நம்பகமானது இல்லை. பக்கவாட்டு அடி, அதிக பல்ஸ், இடுப்பு வலி இருந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் கட்டிவிடலாம்.

தயாரிப்பு பைண்டர் இல்லாவிட்டால் பெட்ஷீட் போதும். சுமார் ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, உடம்புக்கு அடியில் வழுக்கிவிடுங்கள். கட்டு நிற்க வேண்டிய இடம், தொடையின் வெளிப்புறம் மேலே கையில் தட்டுப்படும் எலும்பு முண்டு. பெரும்பாலானவர்கள் பெல்ட் போடும் இடத்தில், அதாவது இடுப்பின் மேல் விளிம்பில் கட்டுகிறார்கள். அங்கே கட்டினால் இடுப்பு மூடாது, வயிறுதான் அமுங்கும். நோயாளி கால்சட்டை போட்டிருந்தால் பாக்கெட்டுக்குள் கைவிட்டால் விரல் எங்கே முடியுமோ அந்த மட்டம் என்று நினைவில் வைக்கலாம். இருவர் எதிரெதிராக இழுத்துக் குறுக்கே சுற்றி கிளாம்ப் போடுங்கள். முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள். இவருக்கு அடி பக்கவாட்டிலிருந்து வந்திருப்பதால் இடுப்பு ஏற்கெனவே உள்நோக்கி அமுங்கியிருக்கலாம். ஆகவே அசையாமல் பிடிக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், முழு பலத்தையும் காட்ட வேண்டாம்.

தொடை முறிவுக்குத் தாமஸ் ஸ்பிளிண்ட் எடுக்கக் கை போகும். அதன் வளையம் தொடையிடுக்கில் இடுப்பெலும்பின் மீதுதான் ஊன்றி நிற்கும். இடுப்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே சொல்லும்வரை அதை விட்டுவிட்டு, காலை நேராக்கி நீண்ட ஸ்பிளிண்டிலோ மற்றக் காலோடு சேர்த்தோ கட்டுங்கள்.

இரண்டு கையிலும் பெரிய ஊசி, ரத்த வகைக்கும் கிராஸ்மேட்ச்சுக்கும் மாதிரி. விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில், பிறகு 1 கிராம் எட்டு மணி நேரத்தில். 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது இதைத்தான், மூன்று மணி தாண்டினால் கொடுக்கக் கூடாது என்பதும் அதிலிருந்தே வந்தது. சலைன் பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிடுவது நல்ல சிகிச்சை போலத் தோன்றும், ஆனால் ஒரு லிட்டருக்கு மேல் போனால் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து உறைதலைக் கெடுப்பீர்கள். ரத்தத்துக்கு ரத்தம்தான். டைக்ளோ ஊசியையும் ஒதுக்கிவையுங்கள், ரத்தம் குறைந்த சிறுநீரகத்துக்கு அது சுமை.

வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் நீர் இல்லை. இது இந்த நிமிடத்துக்கான பதில்தான், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே படுக்கையிலேயே எடுக்க வேண்டும். பேச்சு குழம்புவதால் தலைக்கு சி.டி. கட்டாயம் வேண்டும், ஆனால் பி.பி. விழுந்துகொண்டிருக்கும் ஆளை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ரத்தம் ஏற்றி, பி.பி. நிலையான பிறகு, டாக்டர் ஒருவர் கூடவே போக வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு பி.பி. குறைந்தே கிடப்பது மூளையை இரண்டாம் முறை காயப்படுத்துவதற்குச் சமம்.

மகன்: பாதத்தைத் தொடுங்கள்

மூச்சு, நெஞ்சு, வயிறு சரி. பல்ஸ் 108, பி.பி. 128/78. இப்போது காலுக்கு வரலாம். காயத்தைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைத் தொடுங்கள். பாதத்தின் மேல்புறத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் பல்ஸ் இருக்கிறதா? பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா? முதல் இரு விரல்களுக்கு நடுவே தொட்டால் தெரிகிறதா?

இவருக்குப் பாதம் வெளிறி இருக்கிறது, பல்ஸ் கிடைக்கவில்லை. இந்த ஒரு காரணத்தால் அவர் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகிறார். ஆனாலும் வரிசையில் தாய்க்குப் பின்னால்தான். ரத்தம் போகாத தசைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேர அவகாசம் உண்டு, தாய்க்கு அந்த அவகாசம் இல்லை. ஆட்கள் போதுமான அளவு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

முதல் வேலை காலை நேராக்குவது. வளைந்த எலும்பு தமனியை மடித்துப் பிடித்திருக்கலாம். கீட்டமின் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் மெதுவாக ஏற்றி வலியைக் குறைத்து, வெளியே தெரியும் இலை, கல், துணித்துண்டு போன்றவற்றை எடுத்துவிட்டு, ஒருவர் முழங்காலைப் பிடிக்க, இன்னொருவர் குதிகாலையும் பாதத்தையும் பிடித்து நீளவாக்கில் மெதுவாக இழுத்து நேராக்க வேண்டும். வெளியே தெரிந்த எலும்பு உள்ளே போய்விடும், அதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் எலும்பு வெளியே இருந்தது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள், முன்பே ஒரு போட்டோவும் எடுத்துக் கேஸ் ஷீட்டோடு சேருங்கள். போட்டோ இருந்தால் அடுத்தடுத்து வரும் ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்க்கத் தேவையிருக்காது. கட்டைத் திரும்பத் திரும்பப் பிரிப்பது தொற்றை உள்ளே அழைப்பதாகும்.

சலைனில் நனைத்த காஸை வைத்து மூடி, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி தொடையிலிருந்து பாதம்வரை கம்பி ஸ்பிளிண்டோ ஸ்லாபோ போடுங்கள். காஷுவாலிட்டியிலேயே காயத்தைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், அழுக்கு ஆழத்துக்குப் போகும். அது தியேட்டர் வேலை. போட்டு முடித்ததும் பல்ஸை மறுபடி பாருங்கள். இவருக்குத் திரும்ப வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் எலும்பு டாக்டரோடு ரத்தக்குழாய் டாக்டரையும் அதே நிமிடத்தில் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். முழங்கால் வீங்கித் தளர்ந்திருந்தால் பல்ஸ் இருந்தாலும் நம்பாதீர்கள். மூட்டு நழுவித் தானே ஏறியிருக்கலாம், பின்னால் ஓடும் தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்து 0.9-க்குக் கீழ் வந்தால் ஆஞ்சியோகிராம் தேவை.

ஆண்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும்: அலர்ஜி இல்லை என்றால் செஃபாசோலின் 2 கிராம், கூடவே டெட்டனஸ் ஊசி. தியேட்டர் எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை, இந்த ஊசி நம் கையில் இருக்கிறது. திறந்த முறிவில் தொற்றைக் குறைக்க காஷுவாலிட்டியில் இதைவிட உருப்படியாகச் செய்யக்கூடியது வேறு ஒன்றும் இல்லை.

“கால் போயிடுமா டாக்டர்?” என்று கேட்பார்கள். காஷுவாலிட்டியில் அதற்குப் பதில் சொல்லாதீர்கள். காயத்தின் உண்மையான ஆழம் தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்தபிறகே தெரியும். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு உருவாக்கிய மதிப்பெண் முறையை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண், உடல்நிலைக்குக் கூடுதல் மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17 அல்லது அதற்கு மேலே போனால் எடுப்பதே மேல், நடுவில் இருப்பது ஒவ்வொரு கேஸாக யோசிக்க வேண்டியது.

இரவு பதினொரு மணி

தாய் ரத்தம் ஏற்றப்பட்டு நிலையாகிவிட்டார். மகன் தியேட்டருக்குக் காத்திருக்கிறார். வலி ஊசி போட்டும் வலி கூடுகிறது என்கிறார். பல்ஸ் இருக்கிறது, பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது. வார்டில் “பயப்படாதீங்க தம்பி, உடைஞ்ச கால்னா வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுப் போவது மிகச் சுலபம்.

கால் விரல்களைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் நீட்டிப் பாருங்கள். கெண்டைக்காலில் உயிர் போகும் வலி வந்தால், தசையறைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. பல்ஸ் இருப்பது ஆறுதல் இல்லை, பல்ஸ் போவது கடைசி அறிகுறி. தோல் கிழிந்த முறிவு என்பதால் அழுத்தம் வெளியேறிவிடும் என்று நம்புவதும் தவறு. காலில் நான்கு தசையறைகள், கிழிந்தது ஒன்றாக இருக்கலாம். கட்டை முழுவதும், தோல் தெரியும்வரை பிரியுங்கள். காலை இதய மட்டத்தில் வையுங்கள், தலையணை அடுக்கி உயர்த்தினால் உள்ளே போகும் ரத்தமும் குறையும். அரை மணியில் குறையவில்லை என்றால் தியேட்டர் உடனே வேண்டும். அளக்கும் கருவி இருந்தால், கீழ் பி.பி.யிலிருந்து தசையறை அழுத்தத்தைக் கழித்து 30-க்குக் கீழே வருகிறதா என்று பார்க்கலாம். கருவி இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. இதற்கு வழி ஒன்றுதான்: முதல் நாள் இரவு மணிக்கொரு முறை விரலை நீட்டிப் பார்த்து நேரத்தோடு எழுதுவது.

ஏ.ஆர்., அனுப்பும் குறிப்பு

ஏ.ஆர். காப்பி எழுதக் காவலர் வந்து நிற்பார். சிகிச்சை முதலில், எழுத்து பிறகு. ஆனால் காயத்தின் அளவு, பக்கம், ஓட்டியவரா பின்னால் இருந்தவரா, ஹெல்மெட் இருந்ததா என்பவற்றை அன்றே எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து நினைவுக்கு வராது. அழைத்துவந்தவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பணம் பற்றிக் குடும்பம் பதறினால், 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டுக் கட்டணம் இல்லை என்பதைச் சொல்லுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் குறிப்பில் இருக்க வேண்டியவை: பல்ஸ் எப்போது போனது, எப்போது வந்தது, ஆண்டிபயாடிக் போட்ட நேரம், டிரானெக்ஸாமிக் முதல் டோஸ் நேரம், டூர்னிகே போட்டிருந்தால் அதன் நேரம். மற்றவை எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

மறுநாள் காலை

உயிர் பிழைத்தவர்களை, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், தலையிலிருந்து கால்விரல்வரை புதிதாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பெரிய வலி சின்ன வலியை மறைத்திருக்கும். தாய்க்கு எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் நடுவில் முறிவு தெரிந்தது, அதே எலும்பின் கழுத்துப் பகுதியிலும் ஒரு மெல்லிய விரிசல் இருக்கலாம். நடுத்தொடைப் படத்தில் அது விழாது. இடுப்பு மூட்டுக்குத் தனி எக்ஸ்ரே கேட்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சி.டி.யில் மெல்லிய வெட்டுகளைப் பார்க்க வேண்டும். முழங்கால் தசைநார்களைக் கட்டு போட்டிருக்கும்போது சோதிக்க முடியாது, தொடையில் ராடு போட்டு முடித்ததும் தியேட்டரிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மகனுக்குக் கையைப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்தபடியே விழுந்த கைக்குக் கட்டைவிரல் அடியிலும், அதையடுத்து மணிக்கட்டில் உள்ள பள்ளத்திலும் அழுத்திப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் ஸ்காஃபாய்டு உடைந்திருக்கலாம், முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் இருப்பது சாதாரணம். கட்டைப் போட்டுப் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுங்கள். இருவரின் மற்றப் பாதத்தையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் வண்டி ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் போடுவது செருப்பு, வண்டிக்கடியில் சிக்கி இழுபட்ட பாதத்தில் நடு எலும்புகள் உடைந்திருப்பதை, கட்டு இல்லாத காலை ஊன்றி நிற்கச் சொல்லும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.